அட்டையும் முதுகும் மட்டும் தெரிந்தால்: பழைய 'அல்காரிதம்ஸ்' புத்தகத்தில் எந்தப் பதிப்பை, எங்கே வாங்குவது?

அக்கா மகள் கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் வாட்ஸப்பில் இரண்டு படம் அனுப்பினாள். ஒன்று, விடுதி அலமாரியில் நெருக்கி அடுக்கிய புத்தகங்களின் முதுகு. இன்னொன்று ஒரு முன்னட்டை; ஓரத்தில் யாருடைய கட்டை விரலோ விழுந்து பாதி எழுத்தை மறைத்திருந்தது. "சீனியர் அக்கா இதைத்தான் படிக்கிறாங்க மாமா. புதுசு விலை ஜாஸ்தி. இதே புக் பழசா கிடைக்குமா?"

புத்தகம் எதுவென்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கணினி படித்தவர்கள் சி.எல்.ஆர்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் 'இன்ட்ரொடக்‌ஷன் டு அல்காரிதம்ஸ்'. கம்பியில் தொங்கி ஆடும் சிவப்புத் துண்டுகள்தான் அதன் முன்னட்டை. ஆனால் "இதே புக்" என்று அவள் சொன்னாளே, அங்கேதான் சிக்கல். இந்தப் புத்தகத்துக்கு நான்கு பதிப்புகள் இருக்கின்றன: 1990, 2001, 2009, 2022. அமெரிக்காவில் வெளியிடுவது எம்.ஐ.டி. பிரஸ். நம் ஊரில் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளை மலிவு விலையில் அச்சிட்டது பி.எச்.ஐ. லேர்னிங், அதாவது பழைய பிரெண்டிஸ் ஹால் ஆஃப் இந்தியா. பதிப்பு மாறினாலும் அந்தத் தொங்கட்டான் படத்தை மட்டும் விடுவதில்லை. தெரியாமல் தேடினால் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதலில் படத்தை வைத்து அடையாளம் காணும் வழிகளைப் பார்க்கலாம். எல்லோரும் செய்வது, படத்தை அப்படியே கூகுள் லென்ஸில் போடுவது. புத்தகத்தின் பெயரைக் கண்டுபிடிக்க இது போதும். பதிப்பைக் கண்டுபிடிக்க இதை நம்பக் கூடாது. காரணம் எளிது. லென்ஸ் உருவ ஒற்றுமையைப் பார்த்துக் கடைப் பக்கங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தக் கடைக்காரர் எந்தப் படத்தைப் போட்டிருக்கிறாரோ அதுதான் விடை. மூன்றாம் பதிப்பை விற்பவர் நான்காம் பதிப்பின் அட்டைப் படத்தைப் போட்டிருப்பதும், இந்தியப் பதிப்பை விற்பவர் அமெரிக்க அட்டையைப் போட்டிருப்பதும் அன்றாடம் நடப்பதுதான். அவள் அனுப்பிய முன்னட்டையை நானும் போட்டுப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே மூன்று வெவ்வேறு பதிப்புகள் வந்து நின்றன.

அதைவிட முதுகுப் படம் நல்ல சாட்சி. முன்னட்டையை அழகுக்காக வடிவமைக்கிறார்கள், முதுகை அலமாரியில் அடையாளம் தெரிவதற்காக. பதிப்பகத்தின் சின்னம் பெரும்பாலும் அங்கே இருக்கும். முழு அலமாரிப் படத்தையும் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்காமல், நமக்கு வேண்டிய ஒரு முதுகை மட்டும் வெட்டியெடுத்து, எழுத்து நேராக வரும்படி கால் சுற்று திருப்பிப் பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸில் போடுவதானாலும் இந்த வெட்டிய துண்டைப் போட்டால் பக்கத்துப் புத்தகத்தின் எழுத்து கலந்து குழப்பாது.

எம்.ஐ.டி. பிரஸ்ஸின் சின்னம் ஏழு செங்குத்துக் கோடுகள். நடுவில் ஒரு கோடு மேலே நீண்டும் ஒன்று கீழே இறங்கியும் இருக்கும். பார்கோடு போலத் தெரியும், ஆனால் அது எம், ஐ, டி, பி என்ற சின்ன எழுத்துகளைக் கோடாக்கியது. மியூரியல் கூப்பர் அறுபதுகளில் வரைந்தது. மங்கிய படத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாவிட்டாலும் இந்தக் கோடுகள் தெரியும். பி.எச்.ஐ. புத்தகங்களுக்கு அடையாளம் அட்டையில் இருக்கும் 'ஈஸ்டர்ன் எகானமி எடிஷன்' என்ற வரி. இந்த வரி இருந்தால் அது இந்தியாவில் விற்பதற்காக அச்சிட்ட மலிவுப் பதிப்பு. உள்ளே பாடம் அதேதான், தாளும் கட்டும்தான் வேறு.

ஆசிரியர் பெயர்களையும் எண்ணுங்கள். முதல் பதிப்பில் கார்மென், லைசர்சன், ரிவெஸ்ட் என்று மூன்று பேர்தான். இரண்டாம் பதிப்பிலிருந்து ஸ்டைன் சேர்ந்துகொண்டார். ஆக, மூன்று பெயர் மட்டும் இருந்தால் அது 1990-ஆம் ஆண்டுப் புத்தகம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பாடத்துக்காக வாங்க வேண்டாம். சேகரிப்பவர்களுக்கு வேண்டுமானால் அது வேறு கதை.

அவள் படத்தில் நான்கு பெயர் இருந்தன, ஏழு கோடு இல்லை. ஆக பி.எச்.ஐ. இரண்டாம் பதிப்பா மூன்றாம் பதிப்பா என்பதுதான் மிச்சம். அந்த இடத்தில்தான் கட்டை விரல்.

இங்கே மூன்றாவது வழி: புத்தகம் யாரிடம் இருக்கிறதோ அவரையே கேட்பது. "எந்த எடிஷன்?" என்று கேட்டால் மட்டும் சரியான பதில் வராது. பலர் பதிப்பையும் அச்சையும் குழப்பிக்கொள்வார்கள். தமிழ்ப் பதிப்பகங்களே ஒரு எழுத்துகூட மாற்றாமல் மறுபடி அச்சிட்டதை 'ஐந்தாம் பதிப்பு' என்று போடுவதுண்டு. அதனால் நமக்கு அது பழக்க தோஷம். உள்ளடக்கம் மாறினால் பதிப்பு, அதே உள்ளடக்கத்தை மறுபடி ஓட்டினால் அச்சு.

கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் வரும் உரிமைப் பக்கத்தின் படம். ஐ.எஸ்.பி.என். எண் அங்கே இருக்கும். 978-க்கு அடுத்து 81 அல்லது 93 இருந்தால் இந்தியப் பதிப்பு. 0 அல்லது 1 இருந்தால் ஆங்கில நாடுகளில் வெளியானது. அதற்கு அடுத்த இலக்கங்கள் பதிப்பகத்தைச் சொல்லும்: 81-203 என்றால் பி.எச்.ஐ., 0-262 என்றால் எம்.ஐ.டி. பிரஸ். 2007-க்கு முந்தைய புத்தகங்களில் 978 இருக்காது, மொத்தம் பத்தே இலக்கம்தான். அதைப் பார்த்துப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் புத்தகத்துக்கு நான் குறித்து வைத்திருக்கும் எண்கள் இவை:

```
81-203-2141-3      பி.எச்.ஐ., இரண்டாம் பதிப்பு
978-81-203-4007-7  பி.எச்.ஐ., மூன்றாம் பதிப்பு
978-0-262-03384-8  எம்.ஐ.டி. பிரஸ், மூன்றாம் பதிப்பு, கெட்டி அட்டை
978-0-262-04630-5  எம்.ஐ.டி. பிரஸ், நான்காம் பதிப்பு, கெட்டி அட்டை
```

இரண்டாவது கேள்வி எனக்கு இதைவிடப் பிடித்தது. படம் எடுக்கத் தெரியாத கடைக்காரரிடம் போனிலேயே கேட்டுவிடலாம்: "பொருளடக்கத்துல 27-வது சாப்டர் பேர் என்னங்க?" 'மேக்ஸிமம் ஃப்ளோ' என்றால் முதல் பதிப்பு. 'சார்ட்டிங் நெட்வொர்க்ஸ்' என்றால் இரண்டாம் பதிப்பு. 'மல்ட்டி த்ரெடட் அல்காரிதம்ஸ்' என்றால் மூன்றாவது. 'ஆன்லைன் அல்காரிதம்ஸ்' என்றால் நான்காவது. அட்டை கிழிந்து உரிமைப் பக்கம் போயிருந்தாலும் இந்தச் சோதனை தப்பாது. வேறு பாடப்புத்தகத்துக்கும் இப்படி ஒரு அத்தியாயத்தைத் தேடி வைத்துக்கொள்ளலாம். ஓபன் லைப்ரரி, கூகுள் புக்ஸ் இரண்டிலும் பல புத்தகங்களின் பொருளடக்கம் கிடைக்கும். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் எந்த எண்ணில் தலைப்பு மாறுகிறது என்று பார்த்தால் போதும்.

சீனியரிடம் கேட்டுச் சொன்னாள்: "மல்ட்டி த்ரெடட், மாமா." சரி, பி.எச்.ஐ. மூன்றாம் பதிப்பு.

அப்புறம்தான் உண்மையான முடிவு. சீனியரிடம் இருப்பது மூன்றாவது என்பதால் அதையே வாங்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? இரண்டாவது இன்னும் மலிவு. நான்காவதுதான் இன்றைய பதிப்பு.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு மாணவியின் கண்ணில் தெரியும் வித்தியாசம் குறைவு. டைனமிக் புரோகிராமிங் இரண்டிலும் 15-ஆம் அத்தியாயம், கிராஃப் பகுதி இரண்டிலும் 22-இல் தொடங்குகிறது. மூன்றாவதில் பைனாமியல் ஹீப்பும் சார்ட்டிங் நெட்வொர்க்கும் போய், வான் எம்டே போஸ் மரங்களும் மல்ட்டி த்ரெடட் அல்காரிதங்களும் வந்தன. இளநிலைப் பாடத்துக்கு வந்ததும் பெரிதாக வேண்டியதில்லை, போனதும் பெரிதாக வேண்டியதில்லை. ஆனால் சில கல்லூரிகளின் பாடத்திட்டம் இன்னும் பைனாமியல் ஹீப்பைக் கேட்கிறது. அப்படி இருந்தால் இரண்டாம் பதிப்பு வாங்குவதே புத்திசாலித்தனம். புதிதைவிடப் பழையது பொருந்துகிற அபூர்வமான இடம் இது.

நான்காவதில் மாற்றம் கொஞ்சம் ஆழம். வண்ணத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஃபிபனாச்சி ஹீப், வான் எம்டே போஸ், கணக்கீட்டு வடிவியல் மூன்றும் புத்தகத்திலிருந்து வெளியே போய்விட்டன. ஆனால் நீக்கிய அத்தியாயங்கள் பதிப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இருபகுதி கிராஃப்களில் பொருத்தம் தேடுவது, ஆன்லைன் அல்காரிதம்ஸ், மெஷின் லேர்னிங் ஆகியவை புதிதாக வந்தன. எரிச்சலூட்டுவது அத்தியாய எண்கள்தான். டைனமிக் புரோகிராமிங் 14 ஆகிவிட்டது, கிராஃப் 20-க்குப் போய்விட்டது. ஆசிரியர் "15.4 பயிற்சி செய்து வா" என்றால், அவர் கையில் எந்தப் பதிப்பு என்று தெரியாமல் வீட்டுப்பாடம் செய்ய முடியாது. அதனால் நான் அவளிடம் முதலில் விசாரிக்கச் சொன்னது விலையை இல்லை. "உங்க மேடம் வகுப்புல எதை வச்சு நடத்துறாங்க?" என்றுதான் கேட்டேன். மேடமும் மூன்றாவதுதான். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

எங்கே வாங்குவது?

வெளிநாட்டுப் பழைய புத்தகத் தளங்கள், குறிப்பாக ஏப்புக்ஸ், பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. மூன்றாம் பதிப்பின் கெட்டி அட்டை மலிவாகக் கிடக்கும். ஆனால் இது 1300 பக்கப் புத்தகம், எடை சுமார் இரண்டு கிலோ இருக்கும். கூடையில் போட்டு இந்திய முகவரி கொடுத்ததும் தபால் செலவு புத்தகத்தின் விலையைத் தாண்டி எகிறும். அரிய புத்தகத்துக்கு அந்த வழி சரி. நம் ஊரிலேயே மலிவுப் பதிப்பு ஆயிரக்கணக்கில் சுற்றும் பாடப்புத்தகத்துக்குத் தேவையில்லை.

இந்தியப் பழைய புத்தகத் தளங்களும் பெரிய கடைத் தளங்களில் இருக்கும் தனி விற்பனையாளர்களும் அடுத்த வழி. இங்கே தேடும் விதம் முக்கியம். ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கோடு இல்லாமல் `9788120340077` என்று ஒருமுறை போட வேண்டும். பிறகு `Cormen PHI third edition` என்று ஒருமுறை. எண்ணைச் சரியாகப் பதிவு செய்யாத விற்பனையாளர்கள் இரண்டாவது தேடலில்தான் அகப்படுவார்கள். விலை குறைவாக இருப்பதும் அவர்களிடம்தான், ஏனென்றால் வேறு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் இருக்கும் படம் நமக்கு வரப்போகும் பிரதியின் படம் இல்லை. நான் வேலையில் சேர்ந்த புதிதில் இப்படித்தான் மூன்றாம் பதிப்பு என்று போட்ட ஒன்றை வாங்கினேன். வந்தது இரண்டாவது. அனுப்பியவர், "கன்டென்ட் எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். திருப்பி அனுப்பும் கூலியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டேன். அதிலிருந்து உரிமைப் பக்கத்தின் படத்தை அனுப்பாதவரிடம் வாங்குவதில்லை.

நேரில் போகிற வழிக்கு இணை இல்லை என்று சொல்லும் ஆள்தான் நானும். சென்னையில் 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அந்தக் கடைகள் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பொறியியல் புத்தகத்துக்கு அங்கே போகலாம். கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது, பேரம் பேச முடிகிறது. ஆனால் நடைபாதைக் கடைகளில் எந்த ஊரிலும் உஷாராக இருக்க வேண்டிய விஷயம், ஜெராக்ஸ் பிரதி. அதைப் பழைய புத்தகம் என்று நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பக்கம் புதுசாக, எழுத்து மட்டும் கொஞ்சம் தடித்து, மசி பரவினாற்போல இருக்கும். படங்களில் சாம்பல் நிறம் இருக்க வேண்டிய இடம் புள்ளி புள்ளியாகவோ முழுக் கறுப்பாகவோ இருக்கும். பக்கத்தின் உள் ஓரம் ஒரே அளவாக இருக்காது, ஒரு பக்கம் சாய்ந்து இன்னொன்று நேராக இருக்கும். நான்காம் பதிப்பு என்று சொல்லி உள்ளே முழுக்கக் கறுப்பு வெள்ளையாகக் காட்டினால் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன்.

அசல் என்று தெரிந்த பிறகு பைண்டிங்கைப் பார்க்க வேண்டும். இவ்வளவு கனமான புத்தகம் மெல்லிய அட்டையில் வரும்போது முதலில் போவது முதுகு. அதில் நெடுக்குவாட்டில் வெள்ளை வெள்ளையாக மடிப்புக் கோடுகள் இருந்தால் யாரோ நன்றாகவே படித்திருக்கிறார், அது பரவாயில்லை. நடுவில் 600-ஆம் பக்கம் அளவில் விரித்துப் பிடியுங்கள். பசை தெரிந்து பக்கம் கையோடு வந்தால் அடுத்த தேர்வுக்குள் புத்தகம் இரண்டாகிவிடும். அப்படியே கடைசிக்குப் போய்ச் சொல்லடைவு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாதிரிப் புத்தகத்தில் சொல்லடைவு இல்லாவிட்டால் தேடியே நேரம் போய்விடும்.

நான்காவது வழி, கல்லூரிக்குள்ளேயே. இறுதியாண்டு மாணவர்கள் விடுதியைக் காலி செய்யும் வாரம். அந்த நேரத்தில் எடைக்குப் போவதைவிட நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் போதும் என்ற மனநிலையில் இருப்பார்கள். விலையில் இதை யாராலும் அடிக்க முடியாது. ஆசிரியர் நடத்தும் பதிப்பும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஒரே குறை, அது வருடத்தில் ஒரு வாரம்தான். பாடம் அதற்கு எட்டு மாதம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

நான் கேட்ட அன்று நிலவரம் இப்படி இருந்தது. தளத்தில் மூன்றாம் பதிப்பு, கூரியருடன் 540 ரூபாய், உரிமைப் பக்கத்தின் படம் அனுப்பினார். கடையில் 500 சொல்லி 400-க்கு இறங்கினார், ஆனால் சென்னையிலிருந்து கோவைக்கு நான் அனுப்ப வேண்டும். கூரியர் கூலியைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றுதான். கடைப் பிரதியின் முதுகை நான் கையால் விரித்துப் பார்த்திருந்தேன், அதனால் அதையே எடுத்தேன். நான்காம் பதிப்பு புதிதாக இதைப் போலப் பல மடங்கு. அதிலிருக்கும் புது அத்தியாயங்கள் அவளுக்கு இறுதியாண்டு வரை தேவைப்படாது, தேவைப்பட்டால் கல்லூரி நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று ஒரு படம் வந்தது. 15-ஆம் அத்தியாயத்தின் பக்க ஓரம் முழுக்க முன்னாள் சொந்தக்காரர் பென்சிலில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். "இதுல ஒரு கட்டம் தப்பா போட்டிருக்காரு மாமா" என்று கீழே எழுதியிருந்தாள்.